கனவு அத்தைக்கு, கடன் அப்பாவுக்கு

செத்தவர் கனவில் வந்து சோறு கேட்டால், அவர் யார் கனவில் வந்தார் என்பதை எங்கள் பக்கத்தில் முதலில் பார்ப்பார்கள். யார் அந்தச் சோற்றைப் போட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம். எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட கனவுகளைப் பெரும்பாலும் காண்பவர்கள் பெண்கள்: கட்டிக்கொடுத்த மகள், வீட்டுக்கு வந்த மருமகள். செய்ய வேண்டியவர்கள் ஆண்கள். எள்ளும் தண்ணீரும் விடுவது மகன் வேலை, அதிலும் மூத்தவன் முன்னால் நிற்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்வரை மகன் தர்ப்பணத்தில் கை வைக்கக் கூடாது என்பதால், தாத்தா நேரே பேரன் கனவில் வந்து கேட்டாலும் பேரனால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. போய் அப்பாவிடம் சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்த இடைவெளியில்தான் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு கனவு விவகாரம் முழுக்க ஓடியது. திண்டிவனம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரியப்பாவும் அப்பாவும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அத்தையை வந்தவாசிப் பக்கம் கொடுத்திருக்கிறது. தாத்தா இறந்த பிறகு முதல் சில வருடங்கள் ஊர் வீட்டில் வைத்துப் பெரியப்பா ஒழுங்காகச் செய்தார். அப்புறம் ஊர் வீடு பூட்டிக் கிடந்தது, யார் போய்க் கழுவுவது என்ற பேச்சு வந்தது. "தை அமாவாசைக்குக் கடற்கரையில கொடுத்துடறோமே, அது போதாதா" என்று ஒரு ஏற்பாடு ஆனது. அதுவும் ஒரு வருடம் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, அடுத்த வருடம் அப்பாவுக்கு வேலை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. விட்டுப்போயிற்று.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு முன்னால் அத்தை அம்மாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டேன். அவர் முதலில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணி, விடியக்காலையில அப்பா வந்தாரு. ஊர் வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்காரு. முன்னால இலை போட்டிருக்கு. வெறும் இலை. யாரும் வந்து பரிமாறல. என்னையே பாத்தாரு. நான் உள்ள போய் பாத்திரத்தைத் தேடறேன், எதுவும் கிடைக்கல. முழிச்சிட்டேன்."

தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை, கவனியுங்கள். அப்புறம் அம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தார். திண்ணையிலா, வீட்டுக்குள்ளேயா? உடம்பில் என்ன துணி? கிழிந்திருந்ததா? முகம் எப்படி இருந்தது, கடைசியில் படுத்திருந்த முகமா, நல்லா இருந்தபோது இருந்த முகமா? ஏதாவது கொடுத்தாரா, உன்னிடமிருந்து எதையாவது வாங்கினாரா? கூப்பிட்டாரா? இந்தக் கடைசிக் கேள்வியை அம்மா கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். செத்தவர் கையைப் பிடித்து "வா" என்று கூப்பிட்டால், அதுவும் கனவு கண்டவர் உடம்பு சரியில்லாதவராக இருந்தால், அது வேறு வகைக் கனவு. அதைப் பற்றி வீட்டில் சத்தமாகப் பேச மாட்டார்கள். நல்லவேளை, தாத்தா கூப்பிடவில்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எடை உண்டு. வீட்டுக்குள் நடமாடினால் பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறார் என்று பொருள். திண்ணையிலோ வாசலுக்கு வெளியிலோ நின்றால் உள்ளே வர அவரை யாரும் அழைக்கவில்லை. கிழிந்த துணி என்றால் புதுத்துணி வைக்கவில்லை. ஈரத் துணியோடு வந்தால் கரையில் செய்யவேண்டிய காரியத்தில் ஏதோ குறை. சிரித்த முகத்தோடு வந்து எதுவும் கேட்காமல் போனால் வீட்டில் நல்லது நடக்கப்போகிறது. இதெல்லாம் எந்தச் சாஸ்திரத்திலும் இப்படியே வரிசையாக எழுதி வைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த தெருவில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்குள் இது உறுதியாக இருக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கு அப்படியே வரும்.

அன்று சாயங்காலம் அத்தை பெரியம்மாவிடம் பேசினார். மறுநாள் அப்பாவிடம் பேசினார். அப்பாவிடம் வந்து சேர்ந்தபோது தாத்தா பேச ஆரம்பித்திருந்தார். "பசிக்குதும்மா, உங்க அண்ணனுங்க எங்கன்னு கேட்டாருண்ணா." அத்தை பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் நம்மையே பார்த்தால் அவர் வேறு என்ன சொல்லியிருப்பார்? முதல் நாள் பார்வையாக இருந்தது, இரண்டு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் வாக்கியமாகிவிட்டது. இறந்தவர்கள் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிற பல கோரிக்கைகளும் இப்படி விடிந்த பிறகு, போனிலும் அடுப்படியிலும்தான் உருவாகின்றன என்பது என் எண்ணம்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். அதற்கும் ஒரு உடம்புக் காரணம் இருக்கிறது. தூக்கத்தில் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். கதை போல ஓடும் கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். இரவின் தொடக்கத்தில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும், விடிய விடிய நீளும். அந்த நீண்ட கனவிலிருந்து நேரே முழிப்பும் வந்துவிடுவதால் அது நினைவில் நிற்கிறது. நடுநிசியில் தாத்தா வந்துபோயிருந்தால் அத்தைக்கே தெரிந்திருக்காது.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "தை அமாவாசைக்குக் கொடுத்தோம்ல" என்றார். அந்த வருடம் கொடுத்திருந்தார்கள், அது உண்மை. அத்தையிடம் பதில் தயாராக இருந்தது: "அமாவாசை எல்லாருக்கும் பொதுண்ணா. அப்பா திதின்னு ஒண்ணு இருக்குல்ல, அது எப்ப?" யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது இறந்த ஆங்கிலத் தேதி. ஊரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இருந்ததும் அதுதான்.

திதியைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. அது பெரிய வித்தை இல்லை. தமிழ் மாதம் எது, வளர்பிறையா தேய்பிறையா, எத்தனையாம் நாள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இறந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை இணையத்தில் எடுத்துத் தேதியைப் போட்டேன்: ஆனி மாதம், வளர்பிறை தசமி. நிலா பன்னிரண்டு சுற்று முடிக்க ஏறக்குறைய 354 நாள்தான் ஆகும் என்பதால், ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டு போனால் திதி அந்தத் தமிழ் மாதத்துக்குள்ளேயே பத்து நாள், இருபது நாள் முன்பின்னாகப் போய்விடும். ஒரே மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வருவதும் உண்டு, பொதுவாக இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு திதி காலையில் தொடங்கிக் காலையில் முடிவதும் இல்லை. அதனால் பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறதோ அந்த நாளைத்தான் பார்ப்பார்கள், காலண்டரில் காலையில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. திதியே தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து.

நடப்பு வருடத்தில் பார்த்தால், கனவு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் தசமி கடந்துபோயிருந்தது. அத்தையிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பாத்தியா" என்றார்.

எனக்கும் ஒரு நொடி மயிர்க்கூச்செறிந்தது, மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் கணக்கு வேறு மாதிரி போகிறது. அமாவாசை மாதம் தவறாமல் வருகிறது. வருடத்தில் எந்த நாளில் கனவு வந்தாலும் முன்னாலோ பின்னாலோ பதினைந்து நாளுக்குள் ஒரு அமாவாசை இருந்தே தீரும். அதோடு திதி, ஆங்கிலத் தேதி, பொங்கல், தீபாவளிக்கு முன்னால் செய்யும் படையல் எல்லாவற்றையும் சேர்த்தால், எதன் பக்கத்திலும் விழாத கனவு என்று ஒன்று இருக்கவே முடியாது. மேலும், அத்தை அதே வருடம் மாசியிலும் தாத்தாவைக் கனவில் பார்த்திருந்தார். அப்போது தாத்தா கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பேரனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது, "ஆசீர்வாதம் பண்ண வந்திருக்காரு" என்று முடித்துவிட்டார்கள். யாரும் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. அத்தைக்கு மாதமும் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. மாம்பழம் ஓய்ந்து, ஆடிக்காற்று கிளம்பும் நேரத்தில் அப்பா போனார் என்பது அவர் உடம்புக்கே தெரியும்.

சரி, கனவு ஏன் பசியோடு வருகிறது? இதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். தாத்தாவுக்குக் கடைசிப் பத்து வருடம் சர்க்கரை நோய். இனிப்பென்றால் உயிரை விடுவார். அத்தை வீட்டுக்கு வந்து தங்கியபோதெல்லாம் பலகாரத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தவர் அத்தைதான். கடைசி வாரங்களில் தாத்தா சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். வாயில் வைத்தால் ஒதுக்கிவிடுவார். உடம்பு அடங்கும் நேரத்தில் பசி அற்றுப்போவது இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. டாக்டர் இதைச் சொன்னார். சொன்னால் என்ன, கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு அது "அப்பா பட்டினியா போனாரு" என்றுதான் பதிகிறது. நம்மில் பலரும் இப்போது வயதாகி, பத்தியம் இருந்து, சாப்பிட முடியாமல்தான் போகிறோம். பின்னால் இருப்பவர்கள் கனவில் வெறும் இலை வருவதில் ஆச்சரியம் இல்லை.

மடகாஸ்கர் தீவின் மலைப்பகுதிகளில் இதே கனவு வேறு குறையோடு வருகிறது. அங்கே முன்னோர்கள் கனவில் வந்து "குளிர்கிறது" என்பார்கள். குடும்பத்தார் கூடிக் கல்லறையைத் திறந்து, எலும்புகளை எடுத்துப் புதிய பட்டுத் துணியில் சுற்றி, மேளதாளத்தோடு தூக்கிச் சென்று ஆடிப்பாடித் திரும்ப வைப்பார்கள். ஃபமாடிஹானா என்று பெயர். துணி சுற்றி அடக்கம் செய்யும் ஊரில் செத்தவர்களுக்குக் குளிர்கிறது. இலை போட்டு நினைக்கும் ஊரில் பசிக்கிறது.

எங்கள் வடமாவட்டங்களிலேயே கேட்பது ஆளுக்கு ஆள் மாறும். கல்யாணமாகாமல் இறந்த பெண், சுமங்கலியாக இறந்த பெண் கனவில் வந்தால் சோறு பெரிதாக வராது. பூ, மஞ்சள், வளையல், புடவை என்று வரும். அவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகவே வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் வைத்தால் அவளுக்குப் படைக்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள். சில குடும்பங்களில் பம்பைக்காரர்களை வைத்துக் கிணற்றடியிலோ குளத்தங்கரையிலோ அவளை வருந்தி அழைத்து, கலசத்தில் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். வயிற்றுப் பிள்ளை இல்லாமல் போனவளுக்குத் திதி கொடுக்க ஆள் இல்லை. அதனால் அவளுக்கு வீடு முழுவதுமே கடன்பட்டிருக்கிறது. கல்யாண வேலை நடக்கும் வீடுகளில் இந்தக் கனவு தவறாமல் வரும், வந்துவிட்டால் அதைப் பற்றி விவாதமே கிடையாது.

தாத்தா விஷயத்தில் விவாதம் இருந்தது, ஏனென்றால் கடன் இரண்டு மகன்களுடையது. ஒரு தங்கை அண்ணனைப் பார்த்து "நீங்க அப்பாவுக்கு ஒழுங்கா செய்யறதில்ல" என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் ஊர் வீடு, நிலப்பங்கு, அவள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று எல்லாம் வெளியே வரும். "அப்பா கனவுல வந்தாரு" என்று சொல்லலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. பெரியப்பாவே, "நீ ஏம்மா இப்படிச் சொல்ற" என்று கேட்கவில்லை. "எப்ப வெச்சிக்கலாம்" என்றுதான் கேட்டார். அத்தை இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, அவர் கண்டது கண்டதுதான். ஆனால் நேரில் பேச வழியில்லாத ஒரு விஷயம் பல வருடம் மனதில் கிடந்தால், அது தூங்கும்போது அப்பா முகத்தோடு வருவது எனக்கு நம்பக்கூடியதாக இருக்கிறது.

அடுத்து வந்தது ஆடி அமாவாசை, அதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஊர் வீட்டைத் திறந்து கழுவி, அங்கேயே செய்வதென்று முடிவாயிற்று. இங்கே ஒரு சிக்கல். தாத்தாவுக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அமாவாசையில் கவிச்சி கூடாது. அமாவாசைச் சமையலுக்கென்று ஒரு முறை இருக்கிறது: வாழைக்காய், பூசணி, அகத்திக்கீரை, பாசிப்பருப்பு. வெங்காயம், பூண்டு கிடையாது, முட்டைக்கோஸ், பீன்ஸ் மாதிரி இங்கிலீஷ் காய்கறியும் கிடையாது. "அவரு என்னிக்கு இதையெல்லாம் சாப்பிட்டாரு, இதுக்கா வந்து உக்காந்தாரு" என்றார் பெரியம்மா. கடைசியில் இரண்டாகப் பிரித்தார்கள். அமாவாசையன்று காலையில் ஏரிக்கரையில் தர்ப்பணம், மதியம் சைவச் சாப்பாடு. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவிச்சிப் படையல். வேலைக்குப் போகும் எல்லோருக்கும் ஞாயிறு வசதி என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அமாவாசையன்று காக்கை வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அத்தையின் முகம் மாறிக்கொண்டே போனது. அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டுக் கூரையிலும் சோறு இருக்கிறது, காக்கைக்கு என்ன அவசரம் என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. கடைசியில் பெரியப்பா கையைக் கூப்பி, "இனிமே வருஷா வருஷம் இங்கதான்ப்பா" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை வந்து கொத்தியது. எது எதற்குக் காரணம் என்பதை விடுங்கள், அந்த வாக்கு எல்லோர் காதிலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் படையலை அத்தையே முன்நின்று வைத்தார். தாத்தா படத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. முன்னால் வேட்டியும் துண்டும், வெற்றிலை பாக்கு, ஒரு சுருட்டுக் கட்டு. தலைவாழை இலையில் சோறு, மீன் குழம்பு, வறுத்த மீன், முட்டை. இலையின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஜாங்கிரி, மைசூர் பாகு, லட்டு. ஒரு சர்க்கரை நோயாளிக்கு இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் ஜாங்கிரியை எண்ணாமல் வைத்துக்கொண்டே இருந்தார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் சாப்பிடட்டும் என்று அந்த நேரத்தை விட்டுவிடுவார்கள்.

சாப்பிடுவாரா? ஔவையாருக்கே இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதியமான் இறந்த பிறகு அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றினார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானா என்று அவர் கேட்பது புறநானூற்றின் 232-ஆம் பாட்டு. கேட்டாரே தவிர, கள்ளை ஊற்ற வேண்டாம் என்று அதில் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் நான் கறாராகச் சொல்வேன். இந்தக் கனவு வீட்டை விட்டு வெளியே போய் ஜோசியரிடம் விழுந்தால் கதை மாறிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மாமியார் கனவில் வந்ததற்குப் பித்ரு தோஷம் என்று சொல்லி, ஒரு ஹோமம், அது போதாது என்று இன்னொரு ஊரில் இன்னொன்று என்று கடன் வாங்கிச் செய்தார்கள். கனவு நிற்கவில்லை. அந்த மருமகள் ராத்திரி படுக்கவே பயந்தார், சாப்பாடு இறங்கவில்லை, இறந்து வருடம் திரும்பிய பிறகும் தினமும் அழுதார். அவருக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர். ஆறாமல் நீடிக்கும் துக்கத்துக்கு இன்று மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. படையல் வைத்த பின் மனது லேசானால் அது குடும்பத்துக் கனவு. ஒவ்வொரு பரிகாரத்துக்குப் பிறகும் பயம் கூடினால் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது லேசாகத்தான் முடிந்தது, கிட்டத்தட்ட. ஆவணியில் பெரியம்மா அத்தைக்குப் போன் செய்து, தன் கனவிலும் மாமா வந்ததாகச் சொன்னார். நல்ல வெள்ளை வேட்டி, வாயில் சுருட்டு. "வயிறு நிறைஞ்சிடுச்சி, போதும்மா, இதுக்காக வருஷா வருஷம் ஊருக்கு அலையாதீங்க" என்றாராம்.

அத்தை அதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது எங்க அப்பா இல்ல அண்ணி. எங்க அப்பா என்னிக்குப் போதும்னு சொல்லியிருக்காரு?"